கூகுள் மேப்பில் கடை, ரிவ்யூவுக்குப் பதில்: கடைக்காரர்கள் என்னிடம் கேட்பவை

நான் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் மேப்பில் என் கடை ஏற்கெனவே இருக்கிறதே, யார் போட்டது? அதை என் கைக்கு எப்படிக் கொண்டுவருவது?

எங்கள் கடைக்கும் இப்படித்தான் நடந்தது. கும்பகோணத்தில் பெரிய கடைவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அப்பா மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். 2023இல் நான் கடையை மேப்பில் சேர்க்க உட்கார்ந்தபோது அது ஏற்கெனவே அங்கே இருந்தது. பெயரில் ஓர் எழுத்து தப்பு. நேரம் போடவில்லை. இருந்த ஒரே படமும் எதிர்வீட்டுச் சுவர். வந்துபோன வாடிக்கையாளர் யாரோ நல்ல மனதோடு சேர்த்திருக்கிறார். கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தைச் சேர்க்கலாம், இருப்பதற்குத் திருத்தமும் அனுப்பலாம்.

கடையின் பெயரை மேப்பில் தேடித் திறந்து பாருங்கள். கீழே `Claim this business` என்று தெரிந்தால் அதற்கு இன்னும் யாரும் உரிமை கோரவில்லை என்று பொருள். அதைத் தொட்டு, கடைக்கென்று வைத்திருக்கும் ஜிமெயிலில் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். கடையே மேப்பில் இல்லையென்றால் `business.google.com` போய்ப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் காசு கிடையாது.

பழைய பதிவில் தப்பு நிறைய இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடாதீர்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால் ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரியும். கூகுள் அதைக் கண்டுபிடிக்கும்போது நகல் என்று ஒன்றை மறைத்துவிடும். மறைவது நீங்கள் பாடுபட்டுப் படம் போட்ட பதிவாகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வரும். முன்பு வேலை பார்த்த பையனோ போர்டு அடித்துக் கொடுத்தவரோ தன் மெயிலில் பதிவு செய்திருப்பார். அப்போது `Request access` வழியாகக் கேளுங்கள். அவருக்கு மெயில் போகும், பதில் சொல்ல 3 நாள் அவகாசம் உண்டு. அவர் பேசாமல் இருந்துவிட்டால், கடை உங்களுடையது என்று நீங்களே நிரூபிக்கும் வழி பெரும்பாலும் திறக்கும். அதற்கு முன் ஒரு போன் போட்டு, "தம்பி, அந்த மேப் கணக்கை எனக்கு மாத்திக் குடுப்பா" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கேஸ் அதிலேயே முடிந்துவிடும். இனிமேல் யாருக்காவது வேலை கொடுத்தாலும் அவரை மேனேஜராக மட்டும் சேர்த்துவிட்டு, முதன்மை உரிமையாளர் என்ற இடத்தை உங்கள் மெயிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. ரெண்டு தடவை அனுப்பியும் ஏற்கவில்லை. என்னதான் காட்ட வேண்டும்?

கடை உண்மையா என்று சரிபார்க்க கூகுள் பல வழிகள் வைத்திருக்கிறது. போனுக்குக் குறியீடு வரலாம், மெயிலில் வரலாம், சில இடங்களுக்குத் தபால் அட்டைகூட வரும். எந்த வழி என்பதை அதுதான் முடிவு செய்கிறது, நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இப்போது சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் வீடியோதான் வருகிறது.

அந்த வீடியோவைப் பார்ப்பவருக்கு மூன்று சந்தேகம் தீர வேண்டும். சொன்ன இடத்தில்தான் கடை இருக்கிறதா, அங்கே உண்மையிலேயே வியாபாரம் நடக்கிறதா, எடுப்பவர் கடையை நடத்துகிறவரா. நம்மவர்கள் முதல் இரண்டையும் காட்டிவிட்டு மூன்றாவதில் விழுகிறார்கள். கடைக்கு வெளியே நின்று போர்டை எடுப்பது தெருவில் போகிற யாராலும் முடியும். ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பது உங்களால் மட்டும்தான் முடியும்.

நான் எடுத்ததைச் சொல்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன் போய்விட்டேன். கடைவீதி முனையில் நின்று, தெருப்பெயர்ப் பலகையும் பக்கத்துப் பாத்திரக்கடை போர்டும் தெரிய ஆரம்பித்தேன். அப்படியே நடந்து சந்துக்குள் திரும்பி, எங்கள் போர்டின் பெயர் படிக்கிற மாதிரி சில நொடி நின்றேன். பிறகு ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே போய் வேலை மேசை, பிரித்துப் போட்ட மோட்டார்கள், காயில் சுற்றும் மெஷின், கடைப் பெயர் அச்சிட்ட பில் புத்தகம், கல்லாப்பெட்டியைத் திறந்து மூடுவது என்று வரிசையாகக் காட்டினேன். மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். 30 நொடிக்குக் குறையக் கூடாது. நடுவில் நிறுத்தவோ வெட்டி ஒட்டவோ கூடாது, ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முகம், ஆதார், வங்கிப் புத்தகம் எதுவும் அதில் விழ வேண்டாம். அனுப்பிய பிறகு பார்த்துச் சொல்ல 5 வேலை நாள் வரை எடுத்துக்கொள்வார்கள்.

நிராகரிப்புக்கு இன்னொரு காரணம் உண்டு. போர்டில் "ஸ்ரீ முருகன் மிக்சி சென்டர்" என்று இருக்கும், பதிவில் "முருகன் எலக்ட்ரிக்கல்ஸ்" என்று இருக்கும். இரண்டும் உங்கள் கடைதான் என்று உங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. வீடியோவுக்கு முன் பதிவில் உள்ள பெயரை போர்டில் இருப்பது போலவே மாற்றிவிடுங்கள்.

கடைப் பெயரோடு "கும்பகோணம் பெஸ்ட் மிக்சி ரிப்பேர்" என்று சேர்த்துப் போட்டால் முன்னால் வருமாமே?

சிலகாலம் வரலாம். ஆனால் பெயர் என்ற இடத்தில் போர்டில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. போட்டிக் கடைக்காரர் ஒருவர் திருத்தம் அனுப்பினால் போதும், ஒட்டிய வார்த்தைகள் போய்விடும், சில நேரம் பதிவே முடக்கப்படும். முடங்கிய பதிவை மீட்க பில், உரிமம், போர்டுப் படம் எல்லாம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கடையை மேப்பில் தேடுபவர்களுக்கு நீங்கள் கிடைக்கமாட்டீர்கள்.

நீங்கள் பெயரில் சொல்ல நினைப்பதைச் சொல்லத்தான் வகை என்று தனி இடம் இருக்கிறது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை போடலாம். இதில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். கடையில் ஒயர், ஸ்விட்ச், பல்பும் கொஞ்சம் விற்கிறோம் என்பதால் எலக்ட்ரிக்கல் கடை என்று போடச் சொன்னார். நான் ஒரு மாதப் பில்லை எடுத்து எண்ணினேன். பத்தில் எட்டுப் பேர் பழுது பார்க்க வந்தவர்கள். அதனால் `Appliance repair service` முதன்மை ஆனது, சாமான் விற்பது இரண்டாவது ஆனது. மிக்சி கெட்டுப்போய் "பக்கத்தில் மிக்சி ரிப்பேர்" என்று ஒருவர் தேடும்போது கூகுள் முதலில் பார்ப்பது கடை அந்தத் தேவைக்குப் பொருந்துகிறதா என்பதை. பிறகு எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. பொருத்தத்தைச் சரியாகச் சொல்ல முடியும், அதில் பெரும்பங்கு முதன்மை வகையிடம் இருக்கிறது.

விவரம் எழுத 750 எழுத்துவரை இடம் தருகிறார்கள். "30 ஆண்டு அனுபவம், நம்பிக்கை, தரம்" என்று அதை நிரப்ப வேண்டாம். என்னென்ன பழுது பார்ப்பீர்கள், எதைப் பார்க்கமாட்டீர்கள், வரும்போது என்ன கொண்டுவர வேண்டும், வண்டி எங்கே நிறுத்தலாம். இதைத்தான் வருகிறவர் தேடுகிறார்.

மேப்பைப் பார்த்து வருகிறவர்கள் பின்தெருவில் நின்றுகொண்டு போன் பண்ணுகிறார்கள். ஏன்?

மேப்பில் கடையைக் காட்டும் குறியான பின் தப்பான இடத்தில் குத்தியிருக்கிறது. முகவரியை எழுதியதும் கூகுள் தானாக ஓரிடத்தில் பின்னை வைக்கும். நம் ஊர்களில் கதவு எண்கள் வரிசையாக இருப்பதில்லை, பழைய எண் புதிய எண் குழப்பம் வேறு. அதனால் அது தெருவின் நடுவிலோ, கட்டடத்தின் முதுகுப்பக்கமோ போய் உட்கார்ந்துவிடும்.

வெறும் 15 மீட்டர் தள்ளியிருந்தால் என்ன என்று தோன்றும். எங்கள் பின் அவ்வளவுதான் தள்ளியிருந்தது. ஆனால் அந்த 15 மீட்டரில் அது கட்டடத்தின் பின்பக்கத் தெருவுக்கு அருகில் போய்விட்டது. வழிகாட்டும்போது மேப் வண்டியைப் பின்னுக்கு அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் விடும், கதவு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. கையில் மூன்று கிலோ மிக்சியோடு வந்த அம்மா, கதவே இல்லாத ஒரு சுவருக்கு முன்னால் நிற்பார்.

சரிசெய்வது எளிது. `Edit profile` உள்ளே இடம் என்ற பகுதியில் பின்னை நகர்த்தலாம். படம் சாட்டிலைட் காட்சியில் இருக்கட்டும், கூரையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பின்னைக் கட்டடத்தின் நடுவில் வைக்காமல், வாடிக்கையாளர் உள்ளே நுழையும் வாசலை ஒட்டி வையுங்கள். வைத்த பிறகு ஒரு வேலை பாக்கி. ஊருக்குப் புதிய ஒருவரை, உங்கள் மச்சானையோ கல்லூரியில் படிக்கும் பையனின் நண்பனையோ, பஸ் ஸ்டாண்டிலிருந்து மேப்பை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டிப் பார்த்தால் பயனில்லை, கால் தானாகக் கடைக்கு வந்துவிடும். அவர் எங்கே தயங்கினார் என்று கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் சந்து முனையில்தான் தயங்கினார், ஏனென்றால் முனையிலிருந்து பார்த்தால் எங்கள் போர்டு தெரியாது. அன்றைக்கே சந்து முனையை பாத்திரக்கடையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துப் பதிவில் போட்டேன். இன்றும் வருகிறவர்கள் அந்தப் படத்தைத்தான் சொல்கிறார்கள்.

மதியம் கடை சாத்துவோம், ஞாயிறு சில வாரம் திறப்போம். நேரத்தை எப்படிப் போடுவது?

ஒரு நாளுக்கு இரண்டு நேரம் போடலாம். காலை 9:30 முதல் 1:30, மாலை 4 முதல் 9 என்று எப்படி நடக்கிறதோ அப்படியே போடுங்கள். "முழுநாளும் திறந்திருக்கும்னு போட்டாத்தான் ஆள் வரும்" என்று ஒரு கடைக்கார அண்ணன் என்னிடம் சொன்னார். ஆள் வரும், இரண்டரை மணி வெயிலில் சாத்திய ஷட்டரைப் பார்ப்பார், அங்கேயே நின்று ஒரு ஸ்டார் போடுவார். அந்த ஒரு ஸ்டாருக்கு எழுதத் தகுந்த பதிலே கிடையாது, ஏனென்றால் தப்பு நம்முடையது.

நிச்சயமில்லாத ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்றே வைத்துவிட்டு, திறக்கும் வாரத்தில் மட்டும் அந்தத் தேதிக்குச் சிறப்பு நேரம் போடுங்கள். பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை நாட்களுக்கும் அப்படியே. வழக்கமான நேரத்தை மாற்றி வைத்தால் பண்டிகை முடிந்து திருப்பிப் போட மறந்துவிடுவோம். சிறப்பு நேரம் அந்தத் தேதியோடு தானாகப் போய்விடும்.

மாதம் ஒருமுறை பதிவைத் திறந்து பாருங்கள். நேரம், போன் எண், ஏன், "நிரந்தரமாக மூடப்பட்டது" என்றுகூட வெளியார் திருத்தம் அனுப்ப முடியும். சில திருத்தங்கள் உங்களைக் கேட்காமலே ஏறிவிடும்.

ரிவ்யூ எழுதினால் ஐம்பது ரூபாய் குறைக்கிறேன் என்று சொல்லலாமா?

கூடாது. தள்ளுபடி, இலவசப் பொருள், காசு, எதைக் கொடுத்து ரிவ்யூ வாங்கினாலும் கூகுள் விதிக்கு எதிரானது. கெட்ட ரிவ்யூவை மாற்றவோ எடுக்கவோ காசு கொடுப்பதும் அதே கணக்குதான். கடையில் வேலை பார்ப்பவர்களும் வீட்டாரும் எழுதுவதும் போலியாகத்தான் எண்ணப்படும். பிடிபட்டால் இருக்கும் ரிவ்யூக்களை எடுத்துவிடலாம், கொஞ்சகாலம் புதிய ரிவ்யூவே ஏறாமல் தடுக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய ரிவ்யூக்களுக்கென்று 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சந்தோஷமாகப் போகிறவரிடம் மட்டும் ரிவ்யூ கேட்டு, முகம் சுளித்தவரை விட்டுவிடுவதும் தடைசெய்யப்பட்டதே. கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொருளைக் கையில் கொடுக்கும்போது நான் கேட்டுப் பார்த்தேன், "சரி தம்பி" என்பார்கள், எழுதமாட்டார்கள். மிக்சி ஓடுமா என்று அவர்களுக்கே இன்னும் தெரியாதே. இப்போது மூன்றாம் நாள் வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புகிறேன்: "வணக்கம்மா, மிக்சி நல்லா ஓடுதா? ஏதாவது சத்தம் வந்தா கொண்டு வாங்க, பார்த்துத் தர்றோம். நேரம் இருந்தா உங்க அனுபவத்தை இங்க எழுதுங்க." கீழே `Ask for reviews` தருகிற லிங்க். சத்தம் வருகிறது என்று இருவர் பதில் போடுவார்கள், அவர்கள் நேரே கடைக்கு வந்துவிடுவார்கள். எழுதுகிறவர்கள் என்ன கெட்டுப்போனது, எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாளில் கிடைத்தது என்று விவரமாக எழுதுகிறார்கள். வெறும் ஐந்து ஸ்டாரைவிட அந்த விவரத்தைப் படித்துத்தான் அடுத்தவர் வருகிறார்.

ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டி எழுதிவிட்டார். என்ன பதில் எழுதுவது?

அன்றைக்கு எழுதாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும்.

எங்களுக்கு வந்த முதல் ஒரு ஸ்டார் இது. அதுவரை 12 ரிவ்யூ, எல்லாம் ஐந்து. இது சேர்ந்ததும் சராசரி 4.7 ஆகிவிட்டது. எழுதியிருந்தது இவ்வளவுதான்: "காயில் போச்சுன்னு 650 ரூபாய் வாங்கினாங்க. 15 நாள்ல மறுபடி புகை. போன் பண்ணினா எடுக்கவே இல்ல. ஏமாத்து வேலை."

அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. முப்பது வருடமாகக் காயில் சுற்றுகிற கை. "ஓவர்லோடு போட்டு எரிச்சுட்டு நம்மளைச் சொல்றாரு, அப்படியே எழுது" என்றார். எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. மறுநாள் காலை பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அந்தத் தேதியில் "மோட்டார் மட்டும்" என்று அப்பா கைப்படக் குறித்திருந்தார். வாடிக்கையாளர் ஜார் கொண்டுவரவில்லை. அப்போதுதான் அப்பாவுக்கே பொறி தட்டியது. ஜாரின் அடியில் இருக்கும் புஷ் இறுகிப்போயிருந்தால் பிளேடு சுற்றாது, மோட்டார் முக்கும், புதுக் காயிலும் எரியும். முதல் தடவை எரிந்ததற்கே அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நாங்கள் எரிந்ததை மாற்றினோமே தவிர, எரித்ததைப் பார்க்கவில்லை. ஜாரைக் கேட்டு வாங்காதது எங்கள் குறை.

போன் எடுக்காததற்கும் காரணம் கிடைத்தது. மேப்பில் இருந்தது என் பழைய எண்.

முதலில் பில்லில் இருந்த எண்ணுக்கு அப்பாவே பேசினார். ஜாரோடு கொண்டுவரச் சொன்னார், காசு வேண்டாம் என்றும் சொன்னார். அதன்பிறகு மேப்பில் இப்படி எழுதினோம்:

"வணக்கம் ஐயா. மறுபடி புகை வந்தது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் மோட்டாரை மட்டும் கொண்டு வந்தபோது ஜாரையும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், அது எங்கள் தவறு. ஜார் புஷ் இறுகியிருந்தால் புதுக் காயிலும் எரிந்துவிடும். நாங்கள் சுற்றும் காயிலுக்கு 3 மாதம் பொறுப்பு உண்டு, எனவே மறுபடி சுற்றித் தருகிறோம், கட்டணம் இல்லை. மேப்பில் பழைய போன் எண் இருந்தது, இன்று மாற்றிவிட்டோம்."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். அவர் பெயர், எண், தெரு எதுவும் இல்லை, பில்லின் படமும் இல்லை. வாடிக்கையாளர் விவரத்தைப் பொதுவில் போடுவது தப்பு, நம் பக்கம் நியாயம் இருந்தாலும் தப்பு. "ரிவ்யூவை எடுத்துவிடுங்கள்" என்ற கெஞ்சலும் இல்லை. பதில் வந்த செய்தி அவருக்கு அறிவிப்பாகப் போகும், மாற்ற நினைத்தால் அவரே மாற்றலாம்.

அந்தப் பதிலை அவர் ஒருவர் ஒருமுறை படித்திருப்பார். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்காமலே ஜாரோடு வர ஆரம்பித்தார்கள். "மேப்ல ஜாரும் வேணும்னு போட்டிருந்தீங்களே" என்று ஓர் அம்மா பையிலிருந்து மூன்று ஜாரையும் எடுத்து வைத்தபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டி எழுதியவர் ரிவ்யூவை மாற்றவில்லை, ஒரு ஸ்டார் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் எழுதிய மொழியிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தால் நீங்கள் தமிழிலேயே எழுதலாம், அவருக்குப் புரியும். நீங்கள் நேரில் எப்படிப் பேசுவீர்களோ அந்த மரியாதையோடு நாலைந்து வரி போதும்.

கடைக்கே வராத ஒருத்தர் பொய்யாக எழுதியிருக்கிறார். நீக்க முடியாதா?

கோரலாம். ரிவ்யூவுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Report review` கொடுத்து, காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கூகுள் எடுப்பது விதியை மீறியதை மட்டும்தான். கெட்ட வார்த்தை, மிரட்டல், சாதி மதத்தை இழிவாகப் பேசுவது, வேறு கடைக்கு விளம்பரம், கடைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் போன்றவை எடுபடும். "சர்வீஸ் மோசம்" என்ற ஒற்றை வரி பொய்யாகவே இருந்தாலும் பெரும்பாலும் எடுபடாது, யார் சொல்வது உண்மை என்று கூகுள் விசாரிப்பதில்லை. முடிவு வரச் சில நாள் ஆகும். மறுத்துவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் இல்லை.

அதனால் புகார் கொடுத்த கையோடு பதிலும் எழுதிவிடுங்கள். "நீங்கள் போலி" என்று எழுத வேண்டாம், சில நேரம் அவர் கணவர் பெயரில் பில் இருக்கும். "இந்தப் பெயரில் எங்கள் பில்லில் எதுவும் தெரியவில்லை. எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று சொன்னால் பார்த்துச் சரிசெய்கிறோம்" என்று எழுதுங்கள். உண்மையானவர் தேதி சொல்வார். மற்றவர் பேசாமல் இருப்பார், அதைப் படிக்கிறவருக்கும் புரிந்துவிடும்.

ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு ஒரு ஸ்டார் வந்து விழுந்தால் அது வேறு மாதிரி. ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் புகார் கொடுங்கள். யாராவது போன் பண்ணி "காசு குடுத்தா எடுக்கிறோம்" என்றால் கொடுக்காதீர்கள். அந்த உரையாடலையும் சேர்த்துச் சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம், எண் 1930.

நல்ல ரிவ்யூவுக்கும் பதில் எழுதணுமா?

எழுதுங்கள், ஆனால் "நன்றி, மீண்டும் வருக" என்று ஐம்பது பேருக்கும் ஒட்டாதீர்கள். அவர் சொன்ன ஒன்றைத் தொட்டு ஒரு வரி போதும். கிரைண்டர் பெல்ட் மாற்றியதாக எழுதியிருந்தால், "இரண்டு மாதம் கழித்து பெல்ட் தளர்ந்தால் கொண்டு வாங்க, இறுக்கித் தர்றோம்" என்று எழுதுங்கள். ஸ்டார் மட்டும் போட்டு எதுவும் எழுதாதவருக்குப் பதில் அவசியமில்லை.

"கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதல் இடம்" என்று போன் வருகிறதே?

வைத்துவிடுங்கள். மேப்பில் பதிவுக்கும் சரிபார்ப்புக்கும் கட்டணம் கிடையாது. விளம்பரம் செய்யக் காசு கொடுக்கலாம், அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாக வரும். சாதாரணப் பட்டியலில் முதலிடத்தை யாராலும் விற்க முடியாது. உங்கள் போனுக்கு வரும் குறியீட்டை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் பதிவு அவர் கைக்குப் போய்விடும், பிறகு முதல் கேள்வியில் சொன்ன கதைதான்.

கூகுள் மட்டும் போதுமா?

நடந்து வருகிற கூட்டத்துக்கு நம் ஊரில் முதலில் கூகுள். அது சரியாக நின்ற பிறகு ஆப்பிள் மேப்பிலும் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். பெயர், போன் எண், நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

இதனால் உண்மையிலேயே ஆள் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவில் `Performance` என்ற பகுதியில் மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் பொத்தானைத் தொட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன வார்த்தை தேடி வந்தார்கள் என்று காட்டும். பார்த்த எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. வழி கேட்டதும் போன் தொட்டதும்தான் கடைக்கு அருகில் வரும் கணக்கு. அதிலும் வழி கேட்ட எல்லோரும் வந்துசேர்வதில்லை.

அதனால் அப்பாவின் பில் புத்தகத்தில் ஓரமாக ஒரு கோடு போட்டோம். புதிய முகம் வந்தால் "கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, மேப் என்றால் "மே", தெரிந்தவர் சொன்னால் "தெ" என்று குறிப்போம். நேரமும் பின்னும் சரிசெய்வதற்கு முந்தைய மாதம் "மே" 4. மூன்று மாதம் கழித்து 19. ரிவ்யூ எண்ணிக்கை அதற்குள் இரட்டிப்பாகக்கூட இல்லை. வித்தியாசத்தைக் கொண்டுவந்தது பின்னும், முதன்மை வகையும், மதிய நேரமும்தான் என்று நினைக்கிறேன்.

தேடிய வார்த்தைகளையும் படியுங்கள். எங்களுக்கு "இண்டக்‌ஷன் அடுப்பு ரிப்பேர்" என்று தேடியவர்கள் வரிசையாக வந்திருந்தார்கள். அந்த வேலை அப்பா செய்வார், ஆனால் பதிவில் எங்கும் எழுதவில்லை. சேவைப் பட்டியலில் அதைச் சேர்த்தோம், பழுது பார்த்த அடுப்பின் படம் ஒன்றும் போட்டோம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு கிலோமீட்டர் தள்ளி தாராசுரத்தில் இருப்பவர் தேடினால், அங்கேயே ஒரு கடை இருக்கும்போது நாங்கள் கீழேதான் வருவோம், அதை எந்தத் திருத்தமும் மாற்றாது. எங்களுக்குக் கிடைக்கிறவர்கள் கடைவீதிக்கு வேறு வேலையாக வந்து, அப்படியே மிக்சியையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று போனை எடுத்துப் பார்க்கிறவர்கள். சந்து முனைப் படம் அவர்களுக்காகத்தான் முதலில் நிற்கிறது.